சந்திப்பைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது: அவருடைய நேரத்தை மதிக்காதவன் போலத் தெரியாமல் எப்படிக் கேட்பது?

"மளிகைக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுத் தரும் தொழில் செய்கிறேன், அலுவலகம் மதுரை அண்ணா நகரில். உசிலம்பட்டியில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வியாழக்கிழமைதோறும் கீழமாசி வீதிக்குக் கொள்முதலுக்கு வருவார். வரும் வியாழன் 11 மணிக்கு என் அலுவலகத்துக்கு வந்து பேசி, அட்வான்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே காலை 10.30க்கு டவுன்ஹால் ரோட்டில் இருக்கும் பேங்கில், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். அதை மாற்ற வழியில்லை. பெரியவரிடம் 'உங்களுக்கு எப்ப வசதின்னு சொல்லுங்க, அப்ப வச்சுக்கலாம்' என்று கேட்டால் போதுமா? அவர் நேரத்தை நான் லேசாக எடுத்துக்கொண்டதாக நினைத்துவிடக் கூடாது."

போதாது. அந்தக் கேள்வி பணிவாகத்தான் கேட்கிறது, ஆனால் வேலை முழுவதையும் அவர் தலையில் வைக்கிறது. மாற்றம் உங்களால் வந்தது. தன் வாரம் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்த்து ஒரு நேரம் கண்டுபிடிக்க வேண்டியவர் மட்டும் அவர் என்று ஆகிறது. அவர் ஒரு நேரம் சொல்லி, "அன்னைக்கு எனக்கு ஒரு வேலை இருக்குங்களே" என்று நீங்கள் மறுபடி சொல்ல நேர்ந்தால் இன்னும் மோசம். இரண்டாவது தடவை மறுப்பது முதல் தடவை மாற்றியதைவிட அதிகமாக மனதில் தங்கும். அதனால் தேடும் வேலையை நீங்கள் முடித்துவிட்டு, தேர்வு செய்வதை மட்டும் அவரிடம் விடுங்கள்.

பல வருடங்களாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருவது என் பொறுப்பு. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்று ஊர்களிலிருந்து வருகிறவர்கள். நான் கவனித்த வரையில் நேரம் தள்ளிப் போனதற்காக அவர்கள் கோபித்துக்கொள்வது அபூர்வம். அந்த நேரத்தைச் சுற்றித் தாங்கள் செய்து வைத்த ஏற்பாட்டை எதிராளி யோசித்தே பார்க்கவில்லை என்று தெரியும்போதுதான் முகம் மாறுகிறது. ஆகவே மாற்று நேரங்களை உங்கள் டைரியில் காலியாகக் கிடக்கும் இடங்களிலிருந்து எடுக்காதீர்கள். அவருடைய நாள் எப்படிப் போகும் என்பதிலிருந்து எடுங்கள்.

உங்கள் விஷயத்தில் அதைச் செய்து பார்ப்போம்.

பெரியவர் உங்களுக்காகத் தனியாக மதுரைக்கு வரவில்லை. கொள்முதலுக்கு வருகிற நாளோடு உங்களைச் சேர்த்திருக்கிறார். உசிலம்பட்டியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், ஆரப்பாளையத்தில் வந்து இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கீழமாசி வீதி. கொள்முதலுக்கு நடுவில் வைகையைத் தாண்டி அண்ணா நகருக்கு வந்து, திரும்ப ஆற்றைத் தாண்டிப் போய், வாங்கிய சரக்கை ஏற்றிவிட்டு ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அவர் இங்கே இருக்கும் நேரத்தில் கடையில் மகனோ வேலையாளோ உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவையும் நினைத்துப் பார்த்தால், "வெள்ளிக்கிழமை 11 மணிக்கு வர்றீங்களா?" என்று கேட்பதன் பொருள் என்னவென்று தெரியும். உங்களுக்கு அது ஒரு நாள் தள்ளிப்போவது. அவருக்கு அது இன்னொரு முழுப் பயணம், கடையை இன்னொரு நாள் பிறர் கையில் விடுவது. போதாததற்கு வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகு காலம், அட்வான்ஸ் கொடுக்க வருகிற பெரியவர் அந்த நேரத்தை ஒப்புவது கடினம். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் சங்கடப்படுவார்.

அவருக்குச் செலவில்லாத, அல்லது மிகக் குறைந்த நேரங்கள் என்னென்ன? எனக்கு மூன்று தெரிகிறது.

ஒன்று, அடுத்த வியாழன் அதே 11 மணி. அவர் எப்படியும் மதுரைக்கு வருகிற நாள், அவரே தேர்ந்தெடுத்த நேரம். ஒரு வாரம் தள்ளும் என்பதைத் தவிர அவர் பக்கம் எதுவும் மாறாது.

இரண்டு, இந்த வெள்ளி மதியம் 2 மணிக்கு உசிலம்பட்டியில் அவர் கடையில். பயணம் உங்களுடையது. மளிகைக் கடையில் காலை வியாபாரமும் சாயங்கால வியாபாரமும்தான் கனம், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வெள்ளியன்று ராகு காலம் 12க்கு முடிந்துவிடும், எமகண்டம் 3 மணிக்குத்தான் தொடங்கும், இடையில் தாராளமாகப் பேசலாம். கடையிலேயே உட்கார்ந்து அவருடைய சரக்கை வைத்தே பில் போட்டுக் காட்டலாம் என்பது தொழில் ரீதியிலும் உங்களுக்கு நல்லது.

மூன்று, இந்த வியாழனே காலை 9.15க்கு, விளக்குத்தூண் பக்கம். அவர் அண்ணா நகருக்கு வர வேண்டாம், கொள்முதலுக்கு முன்பே அவர் சொல்கிற இடத்தில் நீங்கள் போய்ச் சந்திக்கிறீர்கள். 10 மணிக்கு முடித்தால் டவுன்ஹால் ரோட்டுக்கு நேரத்தோடு போய்விடலாம். ஆனால் இதற்காக அவர் காலை வியாபாரத்தை விட்டு சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கலாம், அதனால் இதைக் கடைசியாகச் சொல்லுங்கள்.

வியாழன் மதியத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பேங்கில் 10.30க்கு வரச் சொன்னால் 12க்கு முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஜாமீன்தாரர் தாமதமாக வரலாம், ஒரு பத்திரம் குறைகிறது என்று உட்கார வைக்கலாம். 1.30 முதல் 3 வரை ராகு காலம் வேறு. அவரை 3 மணிக்கு மேல் காத்திருக்க வைத்து, அதுவும் நழுவினால் அவர் அன்றைய பஸ்ஸையும் உங்களையும் சேர்த்து நொந்துகொள்வார். மாற்றாகக் கொடுக்கும் நேரம் முதல் நேரத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கையில் இருக்கும் வேறு எந்த வேலை இழுத்தாலும் அது அசையாது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி இருப்பதையும் பாருங்கள். ஒன்றில் வாரம் மாறுகிறது, ஒன்றில் நாளும் இடமும் மாறுகின்றன, ஒன்றில் நாள் மாறாமல் மணியும் இடமும் மாறுகின்றன. வெள்ளி 11, வெள்ளி 12, வெள்ளி 4 என்று மூன்று கொடுத்தால் அது ஒன்று கொடுத்ததற்குச் சமம், ஏனென்றால் வெள்ளி அவருக்கு முடியாது என்றால் மூன்றுமே போய்விடும். அதேபோல ஐந்து ஆறு நேரங்களை அடுக்குவதும் உதவாது. போனில் கேட்கிறவர் நான்காவதைக் கேட்கும்போது முதலாவதை மறந்திருப்பார். உங்களுக்கு நாளெல்லாம் வேலையே இல்லை போல என்ற எண்ணமும் வரும்.

எப்போது சொல்வது? உங்களுக்குத் தெரிந்த அன்றைக்கே. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: பேங்கில் ஒருவேளை வேறு நாள் கொடுத்தாலும் கொடுப்பார்கள், கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று புதன்கிழமை சாயங்காலம் வரை இழுப்பார்கள். அதற்குள் பெரியவர் மகனிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார், அட்வான்ஸ் பணத்தை எடுத்து வைத்திருப்பார், கணக்கு எழுதுகிறவரையும் கூட வரச் சொல்லியிருப்பார். சொல்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் பக்கம் ஏற்பாடு கூடிக்கொண்டே போகும். மாற்ற வழியில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் காத்திருக்கக் காரணமும் இல்லை.

முதலில் போன் செய்யுங்கள், பிறகு வாட்ஸ்அப். வயதில் பெரியவர், பணம் தர வருகிறவர், அவருக்கு வெறும் எழுத்தில் அனுப்பினால் முகம் கொடுத்துப் பேசக் கூச்சப்பட்ட மாதிரி இருக்கும். போனோடு விட்டாலும் சரிவராது, கடை இரைச்சலில் கேட்ட மூன்று நேரங்கள் ராத்திரிக்குள் கலந்துவிடும். போனையும் அவர் ஓய்வாக இருக்கும் மதியம் 2 மணி வாக்கில் போடுங்கள், காலை எட்டு மணிக்கு வேண்டாம். இப்படிப் பேசலாம்:

"அண்ணாச்சி, வணக்கம். அண்ணா நகர்ல இருந்து பேசுறேன், பில்லிங் விஷயமா. கடையில கூட்டமா இருக்கா? ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க தம்பி."

"வியாழக்கிழமை 11 மணிக்கு வர்றதா பேசியிருந்தோம். அன்னைக்கு 10.30க்கு பேங்க்ல கடன் கையெழுத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க அண்ணாச்சி, மாத்த முடியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சது, உடனே உங்ககிட்ட சொல்லணும்னு பண்ணேன். நீங்க அந்த நேரத்தை ஒதுக்கி வச்சிருப்பீங்க, மன்னிச்சுக்குங்க. கூட யாரையும் வரச் சொல்லியிருக்கீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மகனோ கணக்குப்பிள்ளையோ கூட வருவதாக இருந்தால் அவர்கள் நாளும் இதோடு மாறுகிறது. அது தெரியாமல் நேரம் கொடுத்தால், பெரியவர் சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் "அவனுக்குத் தோதுப்படல" என்று திரும்ப வருவார். பதிலைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்:

"உங்களுக்கு அலைச்சல் இல்லாம மூணு நேரம் யோசிச்சேன் அண்ணாச்சி. அடுத்த வியாழன் நீங்க சரக்கு எடுக்க வர்றப்ப அதே 11 மணி. இல்லேன்னா இந்த வெள்ளி மதியம் 2 மணிக்கு நானே கடைக்கு வந்துடுறேன். அதுவும் இல்லேன்னா இந்த வியாழனே காலைல 9.15க்கு விளக்குத்தூண் பக்கம் நீங்க சொல்ற எடத்துக்கு வந்துடுறேன், 10 மணிக்கு முடிச்சுக்கலாம். இப்பவே சொல்லணும்னு இல்ல. மூணையும் வாட்ஸ்அப்ல போட்டு விடுறேன், பாத்துட்டு சொல்லுங்க."

காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். பேங்க் மேனேஜர் என்ன சொன்னார், ஜாமீன்தாரர் எந்த ஊர் என்றெல்லாம் நீட்டினால், என் வேலை உங்கள் வேலையைவிடப் பெரியது என்று நிறுவுகிற மாதிரி ஆகிவிடும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரை பெரிய ஊர்தான், ஆனால் வியாபாரிகளுக்குள் செய்தி நடக்கிற வேகம் அதிகம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு டவுன்ஹால் ரோட்டில் அவர் கண்ணிலோ அவருக்குத் தெரிந்தவர் கண்ணிலோ பட்டால் அட்வான்ஸ் பேச்சு அதோடு முடிந்தது. மன்னிப்பும் ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பக் கேட்டால் அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அதுவும் அவர் நேரம்தான். ராகு காலம் பார்த்துத்தான் நேரம் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டாம். பார்க்கிறவருக்கு அது தானாகவே தெரியும், பார்க்காதவருக்கு அது தேவையில்லை.

வாட்ஸ்அப் செய்தி, வியாழன் 13ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால்:

"அண்ணாச்சி, வணக்கம். போனில் சொன்னபடி, 13ஆம் தேதி வியாழன் 11 மணிக்குப் பதிலாக:
20ஆம் தேதி வியாழன் காலை 11, அண்ணா நகர் அலுவலகம்.
14ஆம் தேதி வெள்ளி மதியம் 2, உசிலம்பட்டியில் உங்கள் கடை.
13ஆம் தேதி வியாழன் காலை 9.15, விளக்குத்தூண் பக்கம்.
நாளை இரவு வரை மூன்று நேரத்தையும் உங்களுக்காகவே வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். இவற்றில் எதுவும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொல்லுங்கள், நான் அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறேன்."

"நாளை இரவுக்குள் சொல்லுங்கள்" என்று எழுதினால் அது அவருக்குக் கெடு வைப்பது. "நாளை இரவு வரை வைத்திருக்கிறேன்" என்றால் கட்டுப்பட்டிருப்பது நீங்கள். அவருக்கும் எப்போதைக்குள் சொன்னால் நல்லது என்பது புரிந்துவிடும். ஆனால் எழுதிய பிறகு நிஜமாகவே வைத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வேறொருவர் வெள்ளி மதியம் கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை நிறுத்தி வையுங்கள். இதைக் காக்க முடியாதவர்கள் இரண்டு நேரம் மட்டும் கொடுப்பது உத்தமம். கடைசி வரியில் இருக்கிற வாக்குறுதியும் அப்படித்தான். மூன்றும் வேண்டாம் என்று அவர் ஞாயிறு சாயங்காலம் கேட்டால், அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் தேதி, கிழமை, மணி, இடம் நான்கையும் ஒரே வரியில் திருப்பி எழுதி அனுப்புங்கள். "வியாழன் வர்றேன் தம்பி" என்று அவர் சொன்னால் அது 13ஆ 20ஆ என்று தெரியாது, உங்கள் விஷயத்தில் இந்தக் குழப்பம் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இனி, அவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் "பரவாயில்ல தம்பி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டால்? நம் பக்கத்தில் அந்தப் பதிலை அப்படியே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடையில் ஆள் நிற்பதால் அவசரமாக வைத்திருக்கலாம், மனத்தாங்கலாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையாவது பதில் போட்டாலோ, பேச்சில் சாஃப்ட்வேர் பற்றி ஏதாவது கேட்டாலோ, அவசரம்தான் காரணம். பார்த்தும் மறுநாள் வரை பேச்சே இல்லை என்றால் மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மூன்று நேரங்களையும் மறுபடி ஒப்பிக்க வேண்டாம். மறுநாள் மதியம் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்களை அலைய விடல, வெள்ளிக்கிழமை 2 மணிக்கு நானே கடைக்கு வந்துடட்டுமா?" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்கிற மாதிரி இருக்கட்டும். அதற்கும் நழுவலான பதில் வந்தால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அடுத்த கொள்முதல் நாளுக்கு முந்தின நாள் ஒரு தடவை கேட்கலாம், அதற்கு மேல் துரத்தக் கூடாது.

பொதுவாக எந்த வியாபாரியிடம் நேரம் மாற்றினாலும் தினசரி நாள்காட்டியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் அவர்களுக்குக் காலையில் கல்யாண வீடு இருக்கும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் மளிகைக்காரரைக் கடையிலிருந்து கிளப்பவே முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றும் அதற்கு முந்தின நாளும் ஆற்றைத் தாண்டி யாரையும் வரச் சொல்லாதீர்கள், தல்லாகுளமும் கோரிப்பாளையமும் ஜனத்தால் நிறைந்திருக்கும்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரக்கூடியது. இதற்கு முன்பே ஒரு தடவை நீங்கள் தள்ளிவைத்திருந்தால் மேலே சொன்ன மூன்று நேரக் கணக்கு செல்லாது. இரண்டாவது தடவை தேர்வு கொடுத்தால், மூன்றாவது தடவையும் வரும் என்றுதான் அவருக்குக் கேட்கும். அப்போது, "நீங்க சொல்ற நாள், நீங்க சொல்ற நேரம், கடைக்கே வர்றேன்" என்பது மட்டும்தான் வழி. முதலில் நான் வேண்டாம் என்ற கேள்வி இங்கே மட்டும் பொருந்துகிறது, ஏனென்றால் இப்போது அதற்கு நீங்கள் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்.

வியாழன் காலையிலேயே ஏதாவது நேர்ந்து, பெரியவர் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றாலும் முறை வேறு. அவர் எப்படியும் மதுரைக்கு வந்துவிடுவார், அதனால் சந்திப்பை ரத்து செய்யாதீர்கள். பஸ்ஸில் போன் சரியாகக் கேட்காது, "அண்ணாச்சி, அண்ணா நகருக்கு வர வேண்டாம், கொள்முதலை முடிங்க, நான் கீழமாசி வீதிக்கு வர்றேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, ஆரப்பாளையத்தில் இறங்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். ஆற்றைத் தாண்டிய பிறகு சொன்னால் சொல்லியும் பயனில்லை.